காய் எடுக்கும் ஆட்டம்: கடைசியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு வெல்வது குறித்த கேள்விகளும் பதில்களும்

கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை ஒரே ஆட்டத்தைப் பற்றியவை. ஒரு குவியலில் சில காய்கள் இருக்கின்றன. இருவர் மாறி மாறி ஆடுகிறார்கள். தம் முறை வரும்போது ஒருவர் 1, 3 அல்லது 4 காய்களை எடுக்க வேண்டும். 2 காய்களை எடுக்க அனுமதி இல்லை. எடுக்காமல் முறையைத் தள்ளிவிடவும் அனுமதி இல்லை. கடைசிக் காயை எடுப்பவர் வென்றவர். விதியை மாற்றிப் பார்க்கும் இடங்களில் அதை அங்கேயே சொல்லியிருக்கிறேன்.

1, 2, 3 எடுக்கும் ஆட்டத்தில் 4-இன் மடங்கை விட்டுவைத்தால் ஜெயிக்கலாம் என்று தெரியும். இந்த ஆட்டத்தில் 5-இன் மடங்கை விட்டுவைத்துப் பார்த்தேன், தோற்றுவிட்டேன். ஏன்?

அந்தப் பழைய உத்தி எதனால் பலிக்கிறது என்பதைக் கவனித்தால் காரணம் புரியும். 1, 2, 3 எடுக்கலாம் என்ற விதியில், எதிராளி எத்தனை எடுத்தாலும் அதை 4 ஆக்குவதற்கு வேண்டிய எண்ணிக்கை நம் கையில் எப்போதும் உண்டு: அவர் 1 எடுத்தால் நாம் 3, அவர் 2 எடுத்தால் நாம் 2, அவர் 3 எடுத்தால் நாம் 1. எடுக்கக்கூடிய மிகப் பெரிய எண்ணோடு 1 கூட்டும் அந்தச் சூத்திரம், 1 முதல் அந்த எண் வரை இடைவெளி இல்லாமல் எல்லா எண்ணிக்கையும் அனுமதிக்கப்பட்டிருந்தால்தான் செல்லும்.

இங்கே 2 விடுபட்டிருக்கிறது. நீங்கள் 5 காய்களை விட்டுவைத்தபோது எதிராளி 3 எடுத்திருப்பார். 5-ஐ நிறைவு செய்ய நீங்கள் 2 எடுக்க வேண்டும், ஆனால் அதற்கு அனுமதி இல்லை. மீதி இருந்த 2 காய்களில் ஒன்றை மட்டுமே எடுக்க முடிந்திருக்கும், கடைசி ஒன்று அவருக்குப் போயிருக்கும். ஆகவே சூத்திரத்தைக் கடன் வாங்காமல், இந்த ஆட்டத்துக்கு உரிய நிலைகளை இந்த ஆட்டத்தின் விதியிலிருந்தே கண்டுபிடிக்க வேண்டும்.

பாதுகாப்பான நிலை என்கிறார்கள். யாருக்குப் பாதுகாப்பு?

அந்த நிலையை விட்டுவைத்தவருக்கு. புதிதாகப் படிப்பவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது என்பதால் சற்று நிதானமாகச் சொல்கிறேன். ஒரு நிலை என்பது, நகர்வு முடிந்த பிறகு மேசைமேல் மீதி இருக்கும் காய்களின் எண்ணிக்கை. அந்த எண்ணிக்கையிலிருந்து அடுத்து ஆட வேண்டியவர் என்ன செய்தாலும், எதிரே இருப்பவர் சரியாக ஆடினால் தோற்றே தீர வேண்டும் என்றால் அது பாதுகாப்பான நிலை. மற்றவை எல்லாம் பாதுகாப்பற்றவை.

இதையே இரண்டு வரிகளில் விதியாக எழுதலாம். ஒரு நிலையிலிருந்து ஒரே ஒரு நகர்விலாவது பாதுகாப்பான நிலைக்குப் போக முடிந்தால், அது பாதுகாப்பற்றது. எல்லா நகர்வுகளும் பாதுகாப்பற்ற நிலைக்கே கொண்டுபோனால், அது பாதுகாப்பானது. முதல் வரியில் ‘ஒன்றாவது’ என்றும் இரண்டாவது வரியில் ‘எல்லாம்’ என்றும் இருப்பதைக் கவனியுங்கள். கணக்கில் நேரும் பிழைகளில் பெரும்பகுதி இந்த இரண்டு சொற்களும் இடம் மாறிப் போவதால் வருவது.

பின்னோக்கிக் கணக்கிடுவது எப்படி என்று படிப்படியாகக் காட்ட முடியுமா?

காய்களே இல்லாத நிலையிலிருந்து தொடங்குங்கள். 0 காய்கள் இருக்கும்போது உங்கள் முறை வந்தால், கடைசிக் காயை எதிராளி எடுத்துவிட்டார் என்று பொருள், நீங்கள் தோற்றுவிட்டீர்கள். ஆகவே 0 பாதுகாப்பானது. ஆட்டம் முழுவதிலும் யோசிக்காமலே விடை தெரிந்த இடம் இது ஒன்றுதான், அதனால்தான் இங்கிருந்து புறப்படுகிறோம்.

1 காய்: ஒன்றை எடுத்தால் 0. பாதுகாப்பான நிலைக்குப் போக முடிகிறது, ஆகவே 1 பாதுகாப்பற்றது.

2 காய்கள்: 3, 4 எடுக்கக் காய்கள் போதாது. 1 எடுக்கலாம், அது 1-க்குக் கொண்டுபோகும், அது பாதுகாப்பற்றது. வேறு வழியே இல்லை, ஆகவே 2 பாதுகாப்பானது. மேலே 5-ஐ விட்டுவைத்தவர் சிக்கிக்கொண்ட இடம் இதுவே.

3 காய்கள்: மூன்றையும் எடுத்தால் 0, ஒன்றை எடுத்தாலும் 2. இரண்டுமே நல்ல நகர்வுகள். 3 பாதுகாப்பற்றது.

4 காய்கள்: நான்கையும் எடுத்தால் 0. பாதுகாப்பற்றது.

5 காய்கள்: 3 எடுத்தால் 2. பாதுகாப்பற்றது.

6 காய்கள்: 4 எடுத்தால் 2. பாதுகாப்பற்றது.

7 காய்கள்: 1 எடுத்தால் 6, 3 எடுத்தால் 4, 4 எடுத்தால் 3. மூன்றும் பாதுகாப்பற்றவை என்று மேலே முடிவு செய்துவிட்டோம். ஆகவே 7 பாதுகாப்பானது.

8-இலிருந்து 1 எடுத்தால் 7, ஆகவே அது பாதுகாப்பற்றது. 9-இலிருந்து 8, 6, 5 ஆகியவற்றுக்குத்தான் போக முடியும், மூன்றும் பாதுகாப்பற்றவை, ஆகவே 9 பாதுகாப்பானது. இப்படியே தொடர்ந்தால் 0, 2, 7, 9, 14, 16, 21, 23 என்று வரிசை வரும். அதாவது, 7-ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 2 வரும் எண்கள்.

ஒவ்வோர் எண்ணுக்கும் ஆட்டத்தின் இறுதி வரை யோசிக்க வேண்டிய தேவை எங்கும் எழவில்லை என்பதே இந்த முறையின் சிறப்பு. 7-ஐ ஆராயும்போது 6, 4, 3 ஆகிய மூன்றின் விடைகளைத் திரும்பிப் பார்த்தோம், அவ்வளவுதான். 20 காய்களிலிருந்து முன்னோக்கி யோசிப்பவர், தம் ஒவ்வொரு நகர்வுக்கும் எதிராளியின் மூன்று பதில்கள், அவை ஒவ்வொன்றுக்கும் தம்முடைய மூன்று பதில்கள் என்று பெருகிக்கொண்டே போகும் கிளைகளில் வழி தவறிவிடுவார். 11 காய்கள் என்ற ஒரே நிலையைப் பல வழிகளில் அடைந்து, ஒவ்வொரு முறையும் புதிதாக ஆராயவும் செய்வார்.

20 காய்களோடு உண்மையாக ஆடும்போது இதை எப்படிப் பயன்படுத்துவது?

20-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 6. பாதுகாப்பற்ற நிலை, ஆகவே முதலில் ஆடுபவருக்கு வெற்றி உண்டு. நீங்கள் முதலில் ஆடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 1 எடுத்தால் 19, 3 எடுத்தால் 17, 4 எடுத்தால் 16. இவற்றில் 16 மட்டுமே பாதுகாப்பானது. 4 எடுக்கிறீர்கள்.

எதிராளி 3 எடுக்கிறார், 13 இருக்கிறது. மீதி மறுபடியும் 6, ஆகவே மறுபடியும் 4 எடுத்து 9-ஐ விடுகிறீர்கள். அவர் 1 எடுக்கிறார், 8 இருக்கிறது. நீங்கள் 1 எடுத்து 7-ஐ விடுகிறீர்கள். அவர் 3 எடுத்தால் 4 இருக்கும், நான்கையும் எடுத்து முடித்துவிடுவீர்கள். அவர் 4 எடுத்தால் 3 இருக்கும், மூன்றையும் எடுத்து முடிப்பீர்கள். 1 எடுத்தால் 6 இருக்கும். 4 எடுத்து 2-ஐ விடுவீர்கள், அவர் ஒன்றை எடுக்க வேண்டியதுதான், கடைசிக் காய் உங்களுக்கு.

மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது மீதிக்கு உரிய பதில் மட்டுமே. மீதி 1 என்றால் 1 எடுங்கள். மீதி 3 என்றால் 1 அல்லது 3. மீதி 4 என்றால் 4. மீதி 5 என்றால் 3. மீதி 6 என்றால் 4. மீதி 0 அல்லது 2 என்றால் வெல்லும் நகர்வு கிடையாது.

பாதுகாப்பான நிலையில் என் முறை வந்துவிட்டால் ஒன்றுமே செய்ய முடியாதா?

எதிராளி தவறாமல் ஆடினால் முடியாது. ஆனால் அவர் தவறுவதற்கு அதிக இடம் கொடுக்கலாம். 14 காய்கள் இருக்கும்போது 4 எடுத்தால் 10 இருக்கும். அங்கே 1 எடுத்தாலும் 3 எடுத்தாலும் அவருக்கு வெற்றி. அதற்குப் பதில் 1 எடுத்து 13-ஐ விட்டாலோ 3 எடுத்து 11-ஐ விட்டாலோ, அவருக்குச் சரியான நகர்வு ஒன்றே ஒன்றுதான்: இரண்டிலும் 4 எடுப்பது. அவற்றுள்ளும் 1 எடுப்பதையே நான் விரும்புவேன். குவியல் பெரிதாக நீடிக்க நீடிக்க, கணக்குத் தெரியாதவர் சறுக்கும் வாய்ப்பு மிகும்.

23 வரை எழுதிப் பார்த்ததை வைத்து, 7-க்கு ஒரு முறை திரும்பும் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்?

நியாயமான சந்தேகம். எழுதிப் பார்த்த எண்கள் எத்தனையானாலும் அவை மட்டும் நிரூபணம் ஆகா. நிரூபணம் வேறொன்றில் இருக்கிறது.

ஒரே நகர்வில் அதிகபட்சம் 4 காய்கள்தான் குறையும். ஆகவே எந்த நிலையின் விடையும் அதற்கு உடனே முந்தைய நான்கு நிலைகளின் விடைகளை மட்டுமே சார்ந்திருக்கிறது. அந்த நான்கும் தெரிந்தால் அடுத்தது தெரியும். அது தெரிந்தால் அதற்கடுத்தது தெரியும். இப்போது 3, 4, 5, 6 ஆகியவற்றைப் பாருங்கள்: நான்கும் பாதுகாப்பற்றவை. 10, 11, 12, 13 ஆகியவற்றைப் பாருங்கள்: அவையும் அப்படியே. ஒரே மாதிரியான நான்கு விடைகளுக்குப் பிறகு ஒரே மாதிரியான தொடர்ச்சிதான் வர முடியும் என்பதால், 6-க்குப் பிறகு நடந்ததெல்லாம் 13-க்குப் பிறகும், பிறகு 20-க்குப் பிறகும், இடைவிடாமல் நடந்தாக வேண்டும்.

எடுக்கக்கூடிய எண்ணிக்கைகள் எத்தகையவையாக இருந்தாலும், அவை முடிவுள்ள பட்டியலாக இருக்கும்வரை இதே வாதம் செல்லும். மிகப் பெரிய நகர்வு m என்றால், அடுத்தடுத்த m விடைகளின் வரிசைக்கு 2^m வடிவங்களே சாத்தியம். ஆகவே ஏதோ ஒரு வரிசை என்றேனும் திரும்ப வந்தே தீரும், அதிலிருந்து சுழற்சி தொடங்கிவிடும். எங்கிருந்து தொடங்கும் என்பதை மட்டும் இந்த வாதம் சொல்வதில்லை. அதில்தான் அடுத்த கேள்வி கேட்டவர் தவறினார்.

2, 4, 7 எடுக்கலாம் என்று விதி வைத்தோம். 0, 1 பாதுகாப்பானவை, பிறகு 6 பாதுகாப்பானது. ஆகவே 6, 7, 12, 13 என்று வரும் என நினைத்தேன். சரியா?

6-உம் 12-உம் சரி, 7-உம் 13-உம் தவறு. முதலில் ஒரு விளக்கம்: இந்த விதியில் 1 காய் மீதி இருந்தால் யாராலும் எடுக்க முடியாது. ஆகவே எடுக்க முடியாமல் நிற்பவர் தோற்றவர் என்று கொள்கிறோம். அதனால்தான் 0, 1 இரண்டும் பாதுகாப்பானவை.

2, 4 என்ற இரண்டு நகர்வுகள் மட்டும் இருந்திருந்தால் உங்கள் ஊகம் முற்றிலும் சரி: 0, 1, 6, 7, 12, 13 என்றே வரும். 6 காய்கள் வரைக்கும் 7 எடுக்கும் உரிமை இருந்தும் பயனில்லை, ஏனெனில் அத்தனை காய்கள் இல்லை. ஆகவே அதுவரை இரண்டு ஆட்டங்களும் ஒன்றுபோலவே தெரியும். 7-இல்தான் அந்த நகர்வு முதன்முதலாக உயிர் பெறுகிறது: ஏழையும் எடுத்து 0-க்குப் போய்விடலாம், ஆகவே 7 பாதுகாப்பற்றது. 8-இலிருந்து 6-க்குப் போகலாம், அதுவும் பாதுகாப்பற்றது. 9-இலிருந்து 7, 5, 2 ஆகியவற்றுக்குத்தான் போக முடியும்; மூன்றும் பாதுகாப்பற்றவை, ஆகவே 9 பாதுகாப்பானது.

முழு வரிசை 0, 1, 6, 9, 12, 15, 18 என்று போகிறது. 6-இலிருந்து மூன்று மூன்றாகச் சீராக ஏறுகிறது, ஆனால் தொடக்கத்தில் அந்த ஒழுங்கு இல்லை: 3 பாதுகாப்பானது அன்று, 1 பாதுகாப்பானது. ஆகவே மிகப் பெரிய நகர்வின் எண்ணைத் தாண்டும் முன்பே ஒழுங்கை முடிவு செய்துவிடாதீர்கள். அதைத் தாண்டிய பிறகும், அந்த எண்ணின் நீளத்துக்கு விடைகள் வரிசையாகத் திரும்ப வருவதைக் கண்ணால் பார்த்த பின்பே நம்புங்கள். இங்கே அந்த நீளம் 7; 6 முதல் 12 வரை உள்ள விடைகளும் 9 முதல் 15 வரை உள்ள விடைகளும் ஒன்றாக இருப்பதைச் சரிபார்த்தால் போதும்.

கடைசிக் காயை எடுப்பவர் தோற்றவர் என்று மாற்றினால்?

முறை மாறாது, புறப்படும் இடத்தின் விடை மட்டும் தலைகீழாகும். இப்போது 0 காய்களோடு உங்கள் முறை வந்தால், கடைசிக் காயை எடுத்தவர் எதிராளி என்பதால் வென்றவர் நீங்கள். ஆகவே 0 பாதுகாப்பற்றது. 1, 3, 4 எடுக்கும் ஆட்டத்தில் அங்கிருந்து ஏறினால் 1, 3, 8, 10, 15, 17 என்று வரும், அதாவது பழைய வரிசையில் ஒவ்வொன்றோடும் 1 கூட்டியது.

எதிராளி சற்றுமுன் எடுத்த எண்ணிக்கையையே நான் எடுக்கக் கூடாது என்று ஒரு விதி சேர்த்தோம். 1, 2, 3 எடுக்கும் ஆட்டம்தான். பட்டியலே குழம்பிவிட்டது. என்ன செய்வது?

காய்களின் எண்ணிக்கை மட்டும் இப்போது ஒரு நிலை ஆகாது என்பதே குழப்பத்தின் வேர். 3 காய்கள் இருக்கின்றன என்று மட்டும் சொன்னால், மூன்றையும் எடுக்க உரிமை உண்டா இல்லையா என்பது தெரியவில்லை. எத்தனை காய்கள், எந்த எண்ணிக்கைக்குத் தடை என்ற இரண்டும் சேர்ந்ததே இனி ஒரு நிலை. அப்படி எழுதத் தொடங்கியதும் பின்னோக்கிய கணக்கு பழையபடி நடக்கும். எடுக்க முடியாமல் நிற்பவர் தோற்றவர் என்று கொள்வோம்.

0 காய்கள்: எந்தத் தடையானாலும் பாதுகாப்பானது. 1 காய்: 1-க்குத் தடை என்றால் அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான், ஆகவே பாதுகாப்பானது, வேறு தடை என்றால் அதை எடுத்து வென்றுவிடுவார். 2 காய்கள்: இரண்டையும் எடுத்தாலும் வெற்றி, ஒன்றை எடுத்தாலும் வெற்றி, ஏனெனில் மீதி ஒரு காயை எடுக்க எதிராளிக்குத் தடை விழுந்துவிடும், இரண்டில் ஒன்றாவது எப்போதும் கிடைக்கும் என்பதால் தடை எதுவானாலும் பாதுகாப்பற்றது. 3 காய்கள்: மூன்றையும் எடுப்பது மட்டுமே வெல்லும், ஆகவே 3-க்குத் தடை இருந்தால் பாதுகாப்பானது, இல்லையேல் பாதுகாப்பற்றது. 4 காய்கள்: 1 எடுத்தால் 3 காய்கள், தடை 1; 2 எடுத்தால் 2 காய்கள், தடை 2; 3 எடுத்தால் 1 காய், தடை 3. மூன்றும் பாதுகாப்பற்றவை, ஆகவே தடை எதுவானாலும் 4 பாதுகாப்பானது.

ஆக 4-இன் மடங்குகள் இந்த விதியிலும் பாதுகாப்பாகவே நிற்கின்றன. கணக்கிட்டுப் பார்க்கும் வரை நான் இதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் பதில் நகர்வு மாறிவிடுகிறது. 4 காய்களில் எதிராளி 2 எடுத்தால் பழைய உத்தி நம்மையும் 2 எடுக்கச் சொல்லும், இங்கே அது தடை. அதற்குப் பதில் 1 எடுத்து, எடுக்க முடியாத ஒரு காயை அவர் முன் விட்டுவைக்க வேண்டும். 8 காய்களில் அவர் 2 எடுத்து 6-ஐ விட்டாலும் அப்படியே: 1 எடுத்து 5-ஐ விட்டால், அங்கே வெல்லும் ஒரே நகர்வான 1 அவருக்குத் தடையாகிவிடும்.

இரண்டு குவியல்கள் வைத்து, ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்றிலிருந்து எடுக்கலாம் என்றால் இதே பட்டியல் போதுமா?

போதாது. 1, 3, 4 எடுக்கும் ஆட்டத்தில் தனித்தனியாகப் பார்த்தால் 1, 3, 4 மூன்றுமே பாதுகாப்பற்ற நிலைகள். 1 காயும் 3 காய்களும் கொண்ட இரண்டு குவியல்களைச் சேர்த்து வைத்தால் அது பாதுகாப்பானது: எதிராளி ஒரு குவியலைக் காலி செய்தால் மற்றதை நாம் காலி செய்வோம், அவர் 3-இலிருந்து 1 எடுத்து 1-உம் 2-உம் ஆக்கினால், நாம் ஒற்றைக் காயை எடுத்து 2-ஐ மட்டும் விடுவோம். ஆனால் 1 காயும் 4 காய்களும் கொண்ட குவியல்கள் பாதுகாப்பற்றவை, ஏனெனில் 4-இலிருந்து ஒன்றை எடுத்து, சற்றுமுன் பார்த்த 1-உம் 3-உம் என்ற நிலையை விட்டுவிடலாம். பாதுகாப்பற்றது என்ற ஒரே பெயருக்குள் 3-உம் 4-உம் வெவ்வேறு வகையாக நடந்துகொள்கின்றன என்பதையே இது காட்டுகிறது.

அந்த வேறுபாட்டை ஓர் எண்ணாகக் குறிக்கும் வழியை ரோலண்ட் ஸ்பிராக் 1935-லும் பி. எம். கிரண்டி 1939-லும் தனித்தனியே கண்டார்கள். அந்த எண்ணுக்குக் கிரண்டி எண் என்று பெயர். 0 காய்களுக்கு அது 0. மற்ற ஒவ்வொரு நிலைக்கும், அங்கிருந்து போகக்கூடிய நிலைகளின் கிரண்டி எண்களில் இடம்பெறாத மிகச் சிறிய முழு எண்ணை, 0-விலிருந்து தொடங்கித் தேடி எழுத வேண்டும். இப்படி எழுதினால் 0 முதல் 4 வரை உள்ள நிலைகளுக்கு 0, 1, 0, 1, 2 என்று வரும். இரண்டு குவியல்களின் கிரண்டி எண்கள் சமமாக இருந்தால் அந்தச் சேர்க்கை பாதுகாப்பானது, சமமாக இல்லாவிட்டால் பாதுகாப்பற்றது. 1-க்கும் 3-க்கும் கிரண்டி எண் 1. 4-க்கு அது 2.